மேலே பாலம் இருக்க மீடியனைத் தாண்டினால் யார் தப்பு?

சேலம்–ஓமலூர் நான்குவழிச் சாலையிலோ கொண்டலாம்பட்டி பைபாஸிலோ சாலையைக் கடந்தவர் ஒருவர் அடிபட்டார் என்று செய்தி வந்தால், டீக்கடைப் பேச்சு உடனே இரண்டாகப் பிரிகிறது. "மேலே பாலம் கட்டி வெச்சிருக்கான், ஏறாம குறுக்க ஓடினா யார் என்ன பண்றது" என்பது ஒரு கட்சி. "என்ன இருந்தாலும் வண்டிக்காரன் மேலதான் கேஸ்" என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் பாதிதான் சரி. மீதிப் பாதி, அந்த இடத்தில் சாலை எப்படி அமைந்திருக்கிறது, வண்டி எத்தனை தூரத்தில் நிற்கும், சட்டம் யாரிடம் எதை எதிர்பார்க்கிறது என்பவற்றில் இருக்கிறது.

## முதலில் சொற்கள்

நடைமேம்பாலம் என்பது மனிதர்கள் மட்டும் ஏறிக் கடக்கும் பாலம். சேலம் ஐந்து ரோட்டில் இருப்பது போன்ற வாகன மேம்பாலம் வேறு. அது வண்டிகளைத்தான் மேலே தூக்குகிறது. நடப்பவர் கீழே, தூண்களுக்கு நடுவில்தான் கடந்தாக வேண்டும்.

சப்வே என்ற சொல்லை நம் ஊரில் இரண்டு பொருளில் சொல்கிறோம். படியிறங்கி நடந்து கடக்கும் சுரங்கப்பாதை ஒன்று. நெடுஞ்சாலைக்கு அடியில் பைக், கார், டவுன் பஸ் எல்லாம் நுழையும் வாகனச் சுரங்கப்பாதை இன்னொன்று. இரண்டாவதில் நடப்பவருக்கு மேலே வரும் வண்டிகளிடமிருந்துதான் விடுதலை. உள்ளே வரும் வண்டிகளோடு ஒட்டித்தான் நடக்க வேண்டும்.

மீடியன் என்பது எதிரெதிர்ப் போக்குவரத்தைப் பிரிக்கும் நடுத்தடுப்பு. ஊருக்குள் இது பெரும்பாலும் ஒல்லியான கான்கிரீட் சுவர். அதன் மேல் நிற்க இடமில்லை. வெளிச் சாலையில் சில மீட்டர் அகலமான மண்மேடு, இருபுறமும் சுமார் ஒரு சாண் உயரக் கல்விளிம்பு, நடுவில் வரிசையாக அரளிச் செடி. எதிர் வண்டியின் முகப்பு விளக்கு கண்ணில் அடிக்காமல் இருக்கத்தான் அந்த அரளி. அதே அரளிதான் கடக்க நிற்பவரையும் மறைக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

## ஏன் ஏறுவதில்லை: படிக்கட்டின் கணக்கு

"சோம்பேறித்தனம்" என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. எண்ணிப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது.

லாரி தடையில்லாமல் போக, நெடுஞ்சாலைக்கும் பாலத்தின் அடிப்பக்கத்துக்கும் நடுவே 5.5 மீட்டர் இடைவெளி வேண்டும். பாலத்தின் தடிமனையும் சேர்த்தால் நடக்கும் தளம் தரையிலிருந்து சுமார் 6 மீட்டர். ஒரு படி 15 செ.மீ. என்றால் ஏற 40 படி, இறங்க 40 படி. சுரங்கப்பாதையில் லாரி நுழைய வேண்டியதில்லை, மனிதத் தலை தட்டாமல் இருந்தால் போதும். ஆகவே சுமார் 3.5 மீட்டர் ஆழம், 23 அல்லது 24 படிதான். அதிலும் முதலில் இறக்கம். ஒருவர் முடிவெடுக்கும் நொடியில் கண்முன் தெரிவது ஏற்றமா இறக்கமா என்பது பெரிய வேறுபாடு. 1965இல் பிரிட்டனில் மூர், ஓல்டர் என்ற இருவர் செய்த ஆய்வில், சாலையில் நேராகக் கடக்கும் நேரத்துக்குச் சமமாக இருந்தால் 95 விழுக்காட்டினர் சுரங்கப்பாதையைப் பயன்படுத்துவார்கள், மேம்பாலத்தை 70 விழுக்காட்டினர்தான் பயன்படுத்துவார்கள் என்று கண்டார்கள். மேம்பாலத்தில் ஒன்றரை மடங்கு நேரம் ஆனால் கிட்டத்தட்ட யாருமே ஏறுவதில்லை.

அந்த ஒன்றரை மடங்கை நம் சாலையில் பொருத்திப் பார்ப்போம். ஒரு பக்கச் சாலை, ஓரத்தையும் சேர்த்து 8.5 மீட்டர், மீடியன் 4.5 மீட்டர், மறுபக்கம் 8.5 மீட்டர். மொத்தம் 21.5 மீட்டர். சாதாரண நடை நொடிக்கு 1.2 மீட்டர் என்று சாலைப் பொறியாளர்கள் கணக்கிடுவார்கள். நேராகக் கடந்தால் 18 நொடி. வண்டி போகக் காத்திருப்பது 30 நொடி என்று வைத்தால் 48 நொடி.

இப்போது பாலம். பஸ் ஸ்டாப்பிலிருந்து படிக்கட்டு 60 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைப்போம். அங்கே நடக்க 50 நொடி. பையைத் தூக்கிக்கொண்டு படிக்கு ஒரு நொடி வீதம் ஏற 40 நொடி. மேலே 30 மீட்டர் நடக்க 25 நொடி. இறங்க 40 நொடி. திரும்ப 60 மீட்டர் நடக்க 50 நொடி. மொத்தம் 205 நொடி, அதாவது மூன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. நேராகக் கடப்பதைப் போல நான்கு மடங்குக்கு மேல். பாலம் காலியாகக் கிடப்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும். படிக்கட்டின் முதல் படி பஸ் ஸ்டாப்புக்கு எதிர்த் திசையில் தொடங்கினால் இன்னும் சில நொடி கூடும்.

மூட்டுவலிக்காரருக்கும் சக்கர நாற்காலிக்காரருக்கும் இந்தக் கணக்கே பொருந்தாது. 12 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சாய்தளம் போட்டால் 6 மீட்டர் ஏற 72 மீட்டர் நீளம் தேவை. இடையிடையே ஓய்வுத் தளமும் சேர்ந்தால் ஒரு பக்கத்துக்கே 80 மீட்டரைத் தாண்டும். ஆகவே வேலை செய்யும் லிஃப்ட் இல்லாத நடைமேம்பாலம், இவர்களைப் பொறுத்தவரை இல்லாத பாலம்தான்.

## மீடியனில் நடப்பது என்ன

"பாதி பாதியாகக் கடந்துவிடலாம், நடுவில்தான் மீடியன் இருக்கிறதே" என்பது கடப்பவரின் நம்பிக்கை. இரண்டு பாதியும் ஒன்றல்ல என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

1. முதல் பாதியில் வண்டி வலப்பக்கமிருந்து வருகிறது. முதலில் காலை வைப்பது இடது ஓரத்தில், அதாவது மெதுவான வண்டிகள் போகும் இடத்தில். வேகமான தடம் கடைசியில் வருகிறது. கண்ணுக்கும் காலுக்கும் சுதாரிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது.

2. இரண்டாம் பாதியில் வண்டி இடப்பக்கமிருந்து வருகிறது. மீடியனிலிருந்து இறக்கும் முதல் காலே முந்திச் செல்லும் தடத்தில் விழுகிறது. அந்தச் சாலையிலேயே மிக வேகமான வண்டி, காலடிக்கு ஒரு மீட்டரில் போகிறது. இதோடு ஒரு சாண் கல்விளிம்பிலிருந்து புடவையோடும் பையோடும் இறங்க வேண்டும். தலை வலப்பக்கம் பார்த்துப் பழகியிருக்கும். இங்கே முதலில் இடம் பார்க்க வேண்டும்.

3. "பார்த்துவிட்டுத்தானே போகிறேன்" என்பவர் பார்க்க வேண்டிய தூரம் நாம் நினைப்பதைவிட அதிகம். 8.5 மீட்டரை 1.2 மீட்டர் வேகத்தில் கடக்க 7 நொடி. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடும். 7 நொடியில் சுமார் 155 மீட்டர். 100 கி.மீ. என்றால் சுமார் 195 மீட்டர். நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு, 80 கி.மீ. வண்டி 235 மீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் முழுதாகக் கடக்க முடியும். அத்தனை தூரத்தில் வரும் வண்டியின் வேகத்தைக் கண்ணால் அளப்பது யாராலும் ஆகாது. இரவில் இரண்டு விளக்குப் புள்ளிகள்தான் தெரியும்.

4. வலம் இடம் என்ற விதியையும் உடைப்பவர்கள் உண்டு. யூ–டர்ன் வரை போகச் சோம்பி ஓரமாக எதிர்த் திசையில் வரும் பைக்குகள். நடைமேம்பாலம் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் கடைகளும் ஸ்டாப்பும் இருப்பதால் இந்த பைக்குகளும் அங்கேதான் அதிகம். எந்தப் பாதியானாலும் இரு பக்கமும் பார்க்காமல் இறங்கக்கூடாது.

இனி அரளி. செடி ஆள் கழுத்தளவு, சுமார் ஒன்றரை மீட்டர் வளர்ந்திருக்கும். காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. செடிக்குப் பின்னால் நிற்கும் பெரியவரின் தலை மட்டும் தெரியலாம். பள்ளிப் பிள்ளை சுத்தமாகத் தெரியாது. உயரத்தில் உட்கார்ந்திருக்கும் லாரி டிரைவருக்குத் தெரிவதுகூட கார்க்காரருக்குத் தெரியாது. செடிக்கு நடுவில் காலடி பட்டுத் தேய்ந்த ஒற்றையடித் தடமோ, கிரில்லில் ஒரு கம்பி மட்டும் அறுபட்ட சந்தோ இருந்தால், அங்கிருந்துதான் ஆள் முளைப்பார். விளிம்பிலிருந்து வண்டியின் பாதைக்கு இரண்டு மீட்டர் கூட இருக்காது. ஒன்றரை நொடியில் வந்துவிடுவார். அந்த ஒன்றரை நொடியில் 80 கி.மீ. வண்டி 33 மீட்டர் ஓடியிருக்கும். டிரைவரின் கால் பிரேக்கைத் தொடவே ஒரு நொடி போய்விடும்.

## வண்டி எத்தனை தூரத்தில் நிற்கும்

இந்தியச் சாலைகளை வடிவமைக்கும்போது, டிரைவர் ஆபத்தைக் கண்டு உணர்ந்து பிரேக்கை மிதிக்க 2.5 நொடி ஆகும் என்று வைத்து நிறுத்தத் தூரத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்குப்படி 40 கி.மீ. வேகத்தில் 45 மீட்டர், 60இல் 80 மீட்டர், 80இல் 120 மீட்டர், 100இல் 180 மீட்டர். விழிப்பான டிரைவர், நல்ல டயர், காய்ந்த தார் என்றால் இதைவிடக் குறையும். மழையில், தேய்ந்த டயரில், முழுச் சரக்கோடு கூடும்.

இரவில் டிம் விளக்கு பயன்படும்படி காட்டுவது சுமார் 40, 50 மீட்டர்தான். கறுப்புச் சட்டைக்காரர் அதற்குள் வந்தபிறகும் உடனே தெரிய மாட்டார். ஆக, டிம் விளக்கில் 80 கி.மீ. வேகத்தில் போகிறவர் தான் பார்க்காத சாலையில்தான் ஓட்டுகிறார். எதிர் வண்டி இல்லாதபோது ஹை பீம் போடுவதும், போட முடியாதபோது வேகத்தைக் குறைப்பதும் இதனால்தான்.

மத்திய அரசின் 2018 அறிவிப்பு நான்குவழிச் சாலையில் கார்களுக்கு 100 கி.மீ. வரை அனுமதிக்கிறது. அது உச்சவரம்பு. ஓரத்தில் நடப்பட்ட பலகை குறைவாகச் சொன்னால் பலகைதான் சட்டம். ஊர் வரும் இடத்தில், ஸ்டாப் இருக்கும் இடத்தில், பலகைக்கும் குறைவாகப் போக வேண்டிய நேரமும் உண்டு.

## டிரைவர் என்ன செய்ய வேண்டும்

2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் இதில் இரண்டு வேறு கடமைகளைச் சொல்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் வாதம் முடிவதில்லை.

முதலாவது முன்னுரிமை. சிக்னல் இல்லாத வரிக்குதிரைக் கோட்டை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, நின்று, நடப்பவருக்கு வழிவிட வேண்டும். முன்னால் நெரிசல் இருந்தால் கோட்டின் மேல் போய் நிற்கவும் கூடாது. நடைமேம்பாலத்துக்கு அடியில் பெரும்பாலும் கோடு இருக்காது. ஆகவே அங்கே மீடியனைத் தாண்டுபவருக்கு இந்த முன்னுரிமை இல்லை.

இரண்டாவது கவனிப்பு. நடப்பவர், சைக்கிள்காரர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோர் மீது டிரைவர் தனிக்கவனம் எடுக்க வேண்டும். இந்தக் கடமை கோடு இருக்கும் இடத்துக்கு மட்டும் என்று எங்கும் சொல்லப்படவில்லை. பாலம் இருப்பதால் முதல் கடமை இல்லாமல் போகலாம். இரண்டாவது அப்படியே நிற்கிறது.

இன்னும் சொன்னால், பாலம் டிரைவருக்கு ஒரு தகவல். சாலையின் இரு பக்கத்துக்கும் தினமும் மனிதர்கள் போய் வருகிற இடத்தில்தான் பாலத்தைக் கட்டுவார்கள். தூரத்திலேயே பாலம் கண்ணில் பட்டால், "இங்கே ஆள் வரமாட்டார்" என்று நினைப்பது தவறு. இந்தச் சாலையில் ஆள் வர மிக அதிக வாய்ப்புள்ள இடம் அதுதான். அப்போது செய்ய வேண்டியவை:

1. பாலம் தெரிந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக் மேல் தயாராக வைக்க வேண்டும். மிதிக்க வேண்டியதில்லை. கால் இடம் மாறும் நேரம் மிச்சமானாலே 80 கி.மீ. வேகத்தில் பத்துப் பதினைந்து மீட்டர் கிடைக்கும்.

2. நின்றுகொண்டிருக்கும் பஸ்ஸின் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கியவர் பஸ்ஸுக்கு முன்னால்தான் வெளிப்படுவார். அவருக்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

3. பக்கத்துத் தடத்து வண்டி காரணமில்லாமல் வேகம் குறைத்தால், அதை முந்தக்கூடாது. அவர் யாருக்கோ வழிவிடுகிறார். இந்த இடத்தில் முந்துவதுதான் கொல்கிறது: ஒரு லாரி நிற்கிறது, கடப்பவர் நம்பி நடக்கிறார், லாரியின் மறைவிலிருந்து இரண்டாவது வண்டி வருகிறது. இதே காரணத்தால் நீங்கள் வழிவிடும்போது கையை ஆட்டி "போ, போ" என்று சொல்லாதீர்கள். உங்கள் தடத்துக்கு நீங்கள் பொறுப்பு. பக்கத்துத் தடத்துக்கு நீங்கள் உத்தரவாதம் தர முடியாது.

4. மீடியனில் ஒருவர் நிற்பது தெரிந்தால் அவர் இறங்குவார் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். சிறு ஹாரன், வேகக் குறைப்பு, இடம் இருந்தால் இடது தடத்துக்கு மாற்றம். ஹெட்லைட்டை அடித்துக் காட்டாதீர்கள். நம் ஊரில் அதற்கு "நான் நிற்கமாட்டேன்" என்று பொருள். கடப்பவர் சிலர் அதை "வா" என்று படித்துக்கொள்கிறார்கள்.

5. படிக்கட்டின் அடியில் வண்டியை நிறுத்தக்கூடாது. ஷேர் ஆட்டோக்கள் முதல் படியை அடைத்து நிற்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். ஏற வந்தவர் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்க வேண்டியிருக்கும். சாய்தளத்தில் பைக்கை ஏற்றுவதும் நடைபாதையில் வண்டி ஓட்டுவதுதான். அது தடை செய்யப்பட்டது.

## நடப்பவர் செய்வது குற்றமா

மோட்டார் வாகனச் சட்டத்தில் மீடியனைத் தாண்டுதல் என்ற பெயரில் ஒரு குற்றம் இல்லை. அந்தச் சட்டம் பெரும்பாலும் வண்டி வைத்திருப்பவரையும் ஓட்டுபவரையும் கட்டுப்படுத்துகிறது. பொது இடங்களில் நடப்பவர்களை ஒழுங்குபடுத்த மாநில அரசு விதி செய்யலாம் என்று 2019 திருத்தம் 138(1A) பிரிவைச் சேர்த்தது. நடைமுறையில் நடப்பவருக்கு வரும் தண்டனை அபராதத்தைவிட, உயிருக்கும் இழப்பீட்டுக்கும் வரும் இழப்புதான்.

டிரைவர் பக்கம் இரண்டு வழக்குகள் தனித்தனியே ஓடும். குற்ற வழக்கில், பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு அஜாக்கிரதையாக ஓட்டியதையும், 106(1) கவனக்குறைவால் மரணம் விளைவித்ததையும் பார்க்கும். இரண்டாவதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை. இங்கே கேள்வி "டிரைவர் கவனக்குறைவாக ஓட்டினாரா" என்பது மட்டும். அடிபட்டவரும் தவறு செய்தார் என்பது தானாக டிரைவரை விடுவிக்காது. கவனமாக ஓட்டியவரால் தவிர்க்கவே முடியாத விபத்து என்றால் குற்றமும் இல்லை.

இழப்பீட்டு வழக்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் நடக்கும். இங்கே தவறைப் பங்கு போடுவார்கள். இழப்பு 12 லட்சம் என்று கணக்கிட்டு, கடந்தவரின் பங்கு 25 விழுக்காடு என்று முடிவானால் 9 லட்சம் கிடைக்கும். தவறை நிரூபிக்காமலே கோரும் வழி மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவில் உண்டு. அதில் மரணத்துக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு 2.5 லட்சம் என்று தொகை நிலையானது. மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் தப்பிவிட்டால் 161ஆம் பிரிவின்படி முறையே 2 லட்சம், 50 ஆயிரம்.

## பங்கு எப்படிப் பிரிகிறது: ஓர் எடுத்துக்காட்டு

கற்பனையாக ஒரு விபத்தை எடுப்போம். இரவு எட்டு மணி. அறுபது வயதுப் பெண் ஸ்டாப்பில் இறங்கி, 60 மீட்டர் தள்ளியிருக்கும் பாலத்தை விட்டு, அரளிச் சந்து வழியாகக் கடக்கிறார். இரண்டாம் பாதியில் கார் மோதுகிறது. பலகையில் 80 கி.மீ. என்று இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது, மோதிய இடம் மீடியனிலிருந்து எத்தனை மீட்டர் என்பது. போலீஸ் வரையும் இட வரைபடத்திலும் பார்வை மகஜரிலும் இருக்க வேண்டிய மிக முக்கியமான எண் இதுதான். வரைபடத்தில் அது இல்லாமல் போனால், பிறகு எந்த வக்கீலாலும் அதைக் கொண்டுவர முடியாது.

மீடியனிலிருந்து 2 மீட்டரில் மோதியிருந்தால், 0.8 மீட்டர் நடையில் அவர் சாலையில் இருந்தது இரண்டரை நொடி. அவர் இறங்கியபோது 80 கி.மீ. கார் 55 மீட்டர் தொலைவில் இருந்திருக்கும். நிற்க 120 மீட்டர் வேண்டும். டிரைவரால் நிறுத்தியிருக்க முடியாது; இப்போது கேள்வி, ஸ்டாப்பும் பாலமும் தெரிந்த இடத்தில் இருட்டில் ஏன் 80இல் வந்தார் என்பது மட்டும். கடந்தவரின் பங்கு இங்கே பெரிதாகும்.

மீடியனிலிருந்து 7 மீட்டரில், அதாவது கிட்டத்தட்டக் கரையேறிய இடத்தில் மோதியிருந்தால், அவர் சாலையில் ஏறக்குறைய 9 நொடி இருந்திருக்கிறார். அவர் இறங்கியபோது கார் 190 மீட்டருக்கும் அப்பால். கவனித்து ஓட்டியவருக்கு நிறுத்த இடம் தாராளமாக இருந்தது. விளக்குக்குள் தெரிந்த பிறகாவது வேகம் குறைந்திருக்கும். அதே பாலம், அதே சந்து, அதே பெண். ஆனால் தவறின் பெரும்பங்கு டிரைவர் பக்கம் சாய்கிறது. பிரேக் தடம் மோதிய இடத்துக்கு முன்னால் தொடங்குகிறதா, பின்னால்தான் இருக்கிறதா என்பதும் இதையே சொல்லும். பின்னால் மட்டும் இருந்தால், மோதும்வரை அவர் பார்க்கவே இல்லை. புதிய கார்களில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருப்பதால் தடம் மங்கலாக விழும் அல்லது விழாது. அப்போது டேஷ்கேம், அருகிலுள்ள கடையின் சிசிடிவி.

அடிபட்டவர் சிறு குழந்தை என்றால் பங்கு போடுவதே பொதுவாக இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையிடம் சாலை விவேகத்தை நீதிமன்றம் எதிர்பார்ப்பதில்லை.

யார் பக்கம் தவறானாலும் மோதிய டிரைவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவின் கடமை மாறாது: அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், போலீசுக்கும் இன்சூரன்ஸுக்கும் தகவல் தர வேண்டும். கூட்டம் அடிக்க வருமென்ற உண்மையான பயம் இருந்தால் நேராக ஸ்டேஷனுக்குப் போகலாம், மறைந்துவிட முடியாது. 108க்கு அழைத்த வழிப்போக்கரை 134A பிரிவு காக்கிறது. அவரைச் சாட்சியாகக் கட்டாயப்படுத்த முடியாது.

## ஸ்டாப்பை நகர்த்தினால் என்ன ஆகும்

மேலே போட்ட நேரக் கணக்குக்குத் திரும்புவோம். கடப்பதைத் தடுக்க மீடியனில் கிரில் போடுவதுதான் வழக்கமான வைத்தியம். எத்தனை நீளம் வேண்டும்? கிரில்லின் முனையைச் சுற்றிக்கொண்டு போவது பாலம் ஏறுவதைவிட அதிக நேரம் எடுக்க வேண்டும்; இல்லையென்றால் எல்லோரும் முனையைத்தான் தேடுவார்கள்.

ஸ்டாப் 60 மீட்டர் தள்ளி இருந்தால் பாலத்துக்கு 205 நொடி, நேராகக் கடக்க 48 நொடி. 157 நொடி வித்தியாசத்தை ஈடுகட்ட ஸ்டாப்புக்கு அப்பாலும் 94 மீட்டர் கிரில் போக வேண்டும். பாலத்திலிருந்து அந்தப் பக்கம் மட்டும் 154 மீட்டர். ஸ்டாப்பைப் படிக்கட்டின் அடியிலேயே வைத்தால் பாலத்துக்கு 105 நொடிதான். வித்தியாசம் 57 நொடி. 34 மீட்டர் கிரில்லே அந்தச் சமநிலையைத் தொட்டுவிடும். நிழற்குடையை 60 மீட்டர் நகர்த்தும் செலவும் 120 மீட்டர் கிரில்லின் செலவும் ஒன்றல்ல. கிரில்லை அறுக்க ஒரு இரவும் ஒரு ஹாக்ஸா பிளேடும் போதும். நகர்ந்த ஸ்டாப்பை யாரும் அறுக்க முடியாது.

சுரங்கப்பாதையில் இந்தக் கணக்கு வேறு காரணத்தால் தோற்கும். ஒரு மழைக்குத் தண்ணீர் தேங்கினால், ஒரு வாரம் பல்பு எரியாவிட்டால், பெண்கள் முதலில் நிறுத்துவார்கள், பிறகு எல்லோரும். உள்ளே இறங்கும் முன் மறுபக்க வெளிச்சம் தெரிகிறதா என்பதுதான் அதன் தரத்தை அளக்கும் எளிய வழி.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். நகர்ச் சாலை மாநகராட்சியிடமோ மாநில நெடுஞ்சாலைத் துறையிடமோ போகும். "பாலத்தை யாரும் பயன்படுத்துவதில்லை" என்று எழுதினால் விழிப்புணர்வுப் பலகை ஒன்று வரும். கிலோமீட்டர் கல் எண், ஸ்டாப்பிலிருந்து முதல் படி வரை அளந்த தூரம், அறுபட்ட கிரில் சந்தின் இடம், இவற்றோடு அந்தச் சந்துப் பக்கமாக 1.2 மீட்டர் உயரத்தில் போனைப் பிடித்து எடுத்த ஒரு படத்தையும் சேர்த்து எழுதுங்கள். கார் டிரைவரின் கண்ணுக்கு அங்கே என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்பதை அந்தப் படம் காட்டிவிடும்.